துங்கியின் இடது கால்கள்

"ஒட்டகம்."

தாக் சொங்-ஊ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, காகிதக் கோப்பையின் அடியில் மிச்சமிருந்த காபியைச் சத்தமாக உறிஞ்சினான்.

அறையில் இருந்த எட்டுப் பேரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் துங்கி நடந்துகொண்டிருந்தான். பழுப்பு நிறம், தொங்கும் காது, வட்ட மூக்கு. அடுத்த வசந்தத்தில் குழந்தைகள் சானலில் வரப்போகும் தொடரின் கதாநாயகன். இன்னும் பின்னணி இல்லை, வெளிச்சம் இல்லை. சாம்பல் நிறத் தரையில் அவன் மட்டும், நின்ற இடத்திலேயே, முடிவில்லாமல் நடந்துகொண்டிருந்தான்.

பியோ ஹே-ரிம் நாற்காலியை மெதுவாகத் திருப்பினாள்.

"என்ன சொன்னே?"

"ஒட்டகம்னு சொன்னேன்க்கா. நாலு கால், ஒரு வால். நாய்க்கும் அதான், ஒட்டகத்துக்கும் அதான். ஆனா இது பாலைவனத்துல நடக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹே-ரிம்மின் காது சிவந்தது.

சாங்காம் பகுதியில் இருந்த அந்த ஏழாவது மாடி ஸ்டூடியோவின் அனிமேஷன் பிரிவுக்கு அவள் லீடராகி ஒரு மாதம்தான் ஆகிறது. லீடராகி அவள் செய்த முதல் வேலை இந்த நடை. ஒரே ஒரு வினாடி நடை. நான்கு கால்களும் ஒரு சுற்று எடுத்துவைத்து, தொடங்கிய நிலைக்கே திரும்பும். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் துங்கி தெருவில் நடப்பான், மலை ஏறுவான், தொடர் முழுக்க நடப்பான். இதில் பிழை என்றால் எல்லா எபிசோடிலும் பிழை. வெள்ளிக்கிழமை சானல்காரர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் அவள் நாற்காலி நிலைக்கும். இல்லையென்றால்...

இல்லையென்றால் என்பதை அவள் யோசிக்கவில்லை.

"எங்கே ஒட்டகம்? காட்டு."

தாக் எழுந்து வந்து, நடையை நிறுத்தி, ஒவ்வொரு சட்டமாக, ஃப்ரேம் ஃப்ரேமாக, நகர்த்தினான். "இங்க பாரு. இடது பின்னங்கால் தரையில விழுது. அதே நேரத்துல இடது முன்னங்காலும் விழுது. அப்புறம் வலது பக்கம் ரெண்டும் ஒண்ணா. நாய் நிதானமா நடக்கிறப்ப அப்படி நடக்காதுக்கா. இடது பின்னங்கால், அப்புறம் இடது முன்னங்கால், அப்புறம் வலது பின்னங்கால், அப்புறம் வலது முன்னங்கால். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கால்வாசிச் சுத்து இடைவெளி. தப் தப் தப் தப். உன்னுது தொம்... தொம்..."

"உங்க வீட்ல நாய் இருக்கா?"

"இல்ல."

"பூனை?"

"ஒரு கள்ளிச்செடி இருக்கு."

இப்போது எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள். டைரக்டர் மா கி-தேகூடச் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார். ஹே-ரிம்முக்கு அது போதவில்லை. கைப்பேசியை எடுத்துப் பெரிய திரையில் இணைத்தாள்.

ஹோங்ஜே ஓடைக்கரை. நடைபாதை. பக்கவாட்டிலிருந்து, ஆடாமல் அசையாமல் எடுத்த வீடியோ. அவளுடைய சொந்த நாய் ஹோபாக் இடமிருந்து வலமாக நடந்து போனது. ஹோபாக் என்றால் பூசணிக்காய்; பெயருக்கு ஏற்ற உடம்பு. இடது கால்கள் இரண்டும் ஒன்றாக. வலது கால்கள் இரண்டும் ஒன்றாக. முதுகு மேலும் கீழும் ஒரே பலகையாக ஏறி இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

"சட்டம் சட்டமா இதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அசைவுக்கும் கீ வெச்சேன். நீ புத்தகத்துல படிச்ச நாய் வேற. இது உயிரோட இருக்கிற நாய். இப்ப யாரு ஒட்டகம்?"

தாக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா கள்ளிச்செடி!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. பெயர் அந்த நொடியிலேயே ஒட்டிக்கொண்டது. அன்று மதியம் வரைக்கும் அவனை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"இருந்தாலும் இது சரியில்லக்கா," என்றான் அவன் கடைசியாக. "ஏதோ இடிக்குது."

"தப்புன்னு வெள்ளிக்கிழமை யாராவது சொல்லட்டும். இந்த லீடர் நாற்காலியை உருட்டிக்கிட்டு வந்து உன் மேசையில விடறேன். போதுமா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் தாக்.

கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வீடியோவின் மிச்சமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சுத்தமான நடை கிடைப்பதற்காக ஹோபாக்கை அவள் ஒரு ஞாயிறு முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க வைத்திருந்தாள். காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டைக் காட்டிக் காட்டி. நடுநடுவே அது பொத்தென்று உட்கார்ந்துவிடும். அவள் வாரைச் சுண்டுவாள். எழுந்து நடக்கும். மறுபடி உட்காரும். அந்த உட்காருகிற துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டி, "சம்பள உயர்வு கேட்டு நடிகர் வேலைநிறுத்தம்!" என்று தலைப்பு வைத்து அலுவலக அரட்டைக் குழுவில் போட்டிருந்தாள்.

வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் படங்கள் குவிந்தன. முதல் சிரிப்பு தாக்குடையதுதான்.

*

வெள்ளிக்கிழமை.

சானல் தயாரிப்பாளர் போங் ஏ-ரான் ஐம்பதைத் தாண்டியவர். வாசலில் ஷூவைக் கழற்றிச் செருப்பு மாட்டும்போதே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற ரகம். வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"போடுங்க."

துங்கி நடந்தான்.

ஒரு சுற்று. இரண்டு. பத்து. போங் மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டைரக்டர் மா கழுத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டார்.

"அழகா இருக்கு," என்றார் போங் மேடம்.

ஹே-ரிம்முக்கு மூச்சு வந்தது. கடைசி வரிசையில் இருந்த தாக்கைத் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

"ரொம்ப நுணுக்கமா பண்ணியிருக்கீங்க. இவனுக்கு எந்த எபிசோட்ல வைத்தியம் பண்றாங்க?"

புருவம் அப்படியே நின்றது.

"என்ன மேடம்?"

"இல்ல, இடுப்பு வலியோட நடக்கிறானே. கதைச் சுருக்கத்துல அது இல்லையே, பின்னாடி வருதான்னு கேட்டேன்."

ஹே-ரிம் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவன்... இவனுக்கு வலி எல்லாம் இல்ல மேடம். சாதாரண நடை."

"சாதாரண நடையா?" போங் மேடம் முன்னால் சாய்ந்தார். "எங்க வீட்ல மூணு நாய் வளர்ந்து போயிருக்கு. நடுவுலது இப்படித்தான் நடந்துச்சு. நல்லா இருக்கிற நாய் நடந்தா முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்கும். இவனுக்கு முதுகு ஒரே கட்டையா இருக்கு. இடுப்பை அசைக்கப் பயப்படறான்."

ஹே-ரிம் அப்போது வாயை மூடியிருக்கலாம்.

மூடவில்லை. "உண்மையான நாயைப் பார்த்துத்தான் பண்ணேன் மேடம், என் நாய்தான்," என்று படபடவென்று சொல்லி, கைப்பேசியை இணைத்தாள். அவசரத்தில் விரல் தவறான வீடியோவைத் தொட்டது. குழுவில் போட்ட வீடியோ.

ஹோபாக் நடந்தது. பொத்தென்று உட்கார்ந்தது. வார் சுண்டியது. எழுந்தது. நடந்தது. உட்கார்ந்தது. வீடியோவுக்குள் ஹே-ரிம்மின் குரல், சிரிப்போடு: "ஏய் சோம்பேறி, இன்னொரு டேக்!"

யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது முறை உட்கார்ந்தபோது ஹோபாக் தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தது. பெரிய திரையில் அந்தக் கண் கதவளவு இருந்தது.

"எத்தனை வயசு?" என்று கேட்டார் போங் மேடம். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழு."

"மாடிப்படி ஏறுதா?"

ஹே-ரிம் இல்லை என்று தலையசைத்தாள். சில மாதங்களாகவே ஹோபாக் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கும். அவள் தூக்கிக்கொண்டு போவாள். செல்லம் கொஞ்சுகிறான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டும்மா," என்றார் போங் மேடம். பிறகு டைரக்டரிடம், "நடை சரியானதும் கூப்பிடுங்க. திங்கட்கிழமை போதும்."

செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்து மறைந்தது. ஹே-ரிம் வயரைப் பிடுங்கினாள். இழுத்த வேகத்தில் கைப்பேசி கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கத் தேவையானதைவிட அதிக நேரம் மேசைக்கடியில் இருந்தாள்.

*

"இடுப்பு மூட்டு ரெண்டும் தேய்ஞ்சிருக்கு," என்றார் கால்நடை மருத்துவர் தோ. விளக்குப் பலகையில் எக்ஸ்ரே. "இடது பக்கம் அதிகம். ஒரே நாள்ல வந்ததில்ல. மாசக்கணக்கா இருக்கும். எடையும் ஜாஸ்தி. நடையில ஏதாவது வித்தியாசம் கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். அவளைப் போலக் கவனித்தவர்கள் உலகத்தில் யாரும் இருக்க முடியாது. ஒவ்வொரு பாதமும் எந்தச் சட்டத்தில் தரையைத் தொடுகிறது, எந்தச் சட்டத்தில் விடுகிறது, முதுகு எவ்வளவு சாய்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கைப்பேசியை நீட்டினாள். நல்ல வீடியோவை. டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"அடடா, எவ்வளவு தெளிவா எடுத்திருக்கீங்க! மாணவர்களுக்குக் காட்டலாம் போல இருக்கே. ஒரு பக்கத்துக் கால் ரெண்டையும் சேர்த்து வீசுறான் பாருங்க. அப்படிப் போனா முதுகு முறுக்க வேண்டாம், இடுப்பு அதிகமா மடங்க வேண்டாம். குண்டான நாயும் களைச்ச நாயும்கூட இப்படி நடக்கும். இவனுக்கு வலியும் சேர்ந்திருக்கு." நிமிர்ந்து பார்த்தார். "எதுக்காக எடுத்தீங்க? எங்ககிட்ட காட்டறதுக்கா?"

ஹே-ரிம் எக்ஸ்ரேயைப் பார்த்தாள்.

"ஆபீஸ் வேலைக்கு," என்றாள்.

ஹோபாக் அவள் மடியில் தலையை வைத்து, கோட்டுப் பையை முகர்ந்தது. உள்ளே சர்க்கரைவள்ளித் துண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

*

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்பே வந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை. மாத்திரையைக் கோழிக்கறித் துண்டில் ஒளித்துக் கொடுக்க நேரமாகிவிட்டது. உள்ளே நுழைந்தபோது எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

அவள் நாற்காலியின் முதுகில் ஒரு காகிதம். அழகாக வரைந்த ஒட்டகம். கழுத்தில் 'லீடர்' என்ற அட்டை.

தாக் பாய்ந்து வந்தான்.

"அக்கா, அது... வெள்ளிக்கிழமை காலையில ஒட்டினது. மீட்டிங்குக்கு முன்னாடி. கிழிக்க மறந்துட்டேன். சத்தியமா."

"இருக்கட்டும்."

"கிழிச்சிடறேன்க்கா."

"இருக்கட்டும்னு சொன்னேன்." அவள் நாற்காலியைப் பிடித்து உருட்டினாள். சக்கரங்கள் கடகடத்தன. அவன் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "சொன்ன வார்த்தை. எல்லாரும் கேட்டாங்க."

தாக் அந்த நாற்காலியைத் தொடவில்லை.

"ஹோபாக் எப்படி இருக்கான்?"

"மாத்திரை குடுத்திருக்காங்க. எடை குறையணும். தண்ணிக்குள்ள நடக்கிற பயிற்சி. அதுக்கப்புறம்தான் ஆபரேஷன் வேணுமான்னு சொல்வாங்க."

"நான் ஒட்டகம்னு சொன்னேன். எனக்கும் தெரியலக்கா. தப்பான நடைன்னுதான் தெரிஞ்சுது. நோவுன்னு தெரியல. அந்த வீடியோவுக்கு முதல்ல சிரிச்சவன் நான்."

"எடுத்தவ நான்."

கண்ணாடி அறையின் கதவைத் திறந்து டைரக்டர் மா தலையை நீட்டினார். "நாற்காலி கம்பெனியோடது. யாரு எதுல உட்காரணும்னு நான் சொல்றேன். ஹே-ரிம், அதுல உட்காரு. சாயங்காலம் போங் மேடம் வராங்க. நடை வேணும்."

வேறு வழியில்லை. ஒட்டகத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். தாக் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

கணினியில் பழைய கோப்பைத் திறந்தாள். துங்கி நடக்க ஆரம்பித்தான். தொம்... தொம். மூன்று நாளைக்கு முன்னால் அவள் பெருமைப்பட்ட அதே நடை. இப்போது ஒவ்வொரு அடியிலும் இடது இடுப்பு தெரிந்தது. சட்டென்று ஓட்டத்தை நிறுத்தினாள்.

கோப்பைப் பிரதி எடுத்து, வேலையை ஆரம்பித்தாள். சுற்று மொத்தம் இருபத்து நான்கு சட்டம். பின்னங்கால்களை அப்படியே விட்டாள். இடது பின்னங்கால் ஒன்றில் இறங்குகிறது, வலது பின்னங்கால் பதின்மூன்றில். முன்னங்கால்களின் கீ அத்தனையையும் பிடித்து ஆறு சட்டம் நகர்த்தினாள். ஓட்டினாள்.

தாக் இருமினான்.

"சொல்லு."

"வேணாம்க்கா."

"சொல்லுடா."

"ஒட்டகம் போய்க் குரங்கு வந்திருச்சு."

அவள் உற்றுப் பார்த்தாள். கண் மங்கியிருந்ததில் திசையை மாற்றி நகர்த்தியிருந்தாள். ஆறு சட்டம் தள்ளுவதற்குப் பதிலாக ஆறு சட்டம் முந்த வைத்திருந்தாள். இடது பின்னங்காலை அடுத்து வலது முன்னங்கால் விழுந்துகொண்டிருந்தது. மரத்திலிருந்து இறங்கி வந்த ஏதோ ஒன்று நாய்த்தோல் போர்த்தி நடந்தது.

ஒரு கணம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவளுடையது பாதியிலேயே நின்றது.

திருப்பி நகர்த்தினாள். இப்போது இடது முன்னங்கால் ஏழில் இறங்கியது, வலது முன்னங்கால் பத்தொன்பதில். தப் தப் தப் தப். ஆனாலும் துங்கி நடக்கவில்லை. மிதந்தான். நான்கு கால் சரி. மேலே உடம்பு பழைய பலகைதான். ஒரே கட்டுப்பாட்டுப் புள்ளியில் கீ வைத்து மொத்த உடம்பையும் தூக்கி இறக்கியிருந்தாள். ஒரு பக்கத்துக் கால்கள் ஒன்றாக விழும்போது அது பொருந்தியது. இப்போது பொருந்தவில்லை.

அந்தக் கீகளை எல்லாம் அழித்தாள். இடுப்புக்குத் தனி, மார்புக்குத் தனி. பின்னங்கால் தரையில் விழுந்து எடை ஏறும்போது இடுப்பு இறங்கியது. அந்தக் கால் உடம்புக்கு நேர் கீழே வரும்போது இடுப்பு ஏறியது. மார்புக்கும் அதே ஏற்ற இறக்கம், முன்னங்கால்களின் கணக்கில், ஆறு சட்டம் பின்னால். ஒரு சுற்றில் இரண்டும் இரண்டிரண்டு முறை. இடுப்பு கீழே என்றால் மார்பு மேலே. மார்பு கீழே என்றால் இடுப்பு மேலே.

"தலையை மார்போட ஒட்டிடாதக்கா. கொஞ்சம் தாமதமா வரட்டும்."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும்."

"இங்க பாரு, பின்பாதம் முன்பாதத்தை மிதிக்குது," என்றாள்.

"முன்பாதத்தைச் சீக்கிரம் தூக்கிடு. பின்பாதம் வர்றதுக்கு முன்னாடி இடத்தைக் காலி பண்ணணும்."

இரண்டு சட்டம் முன்பாகத் தூக்கினாள். பின்பாதம் வந்து, முன்பாதம் விட்டுப்போன இடத்திலேயே இறங்கியது. வாலை அவள் கடைசியில் தொட்டாள். அது இடுப்பின் பின்னால் சோம்பலாக இழுபட்டு வந்தது.

ஓட்டினாள்.

துங்கி நடந்தான். முதுகு ஓடைத் தண்ணீர்போல அலைந்தது. எங்கேயும் ஒரு வலி இல்லை.

ஹே-ரிம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹோபாக் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். எப்போது மாறியது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

*

போங் மேடம் துங்கியை ஒரு நிமிடம் பார்த்தார். "இவன் மலை ஏறுவான்," என்றார். ஒப்புதல் கிடைத்துவிட்டது. கிளம்பும்போது ஹே-ரிம்மின் தோளைத் தொட்டார்.

டைரக்டர் மா மட்டும் குஷியாக இருந்தார். "பழைய நடையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒன்பதாவது எபிசோட்ல கிழட்டு நாய் ஒண்ணு வருதில்ல? அப்படியே அதுக்கு மாட்டிடலாம். ஹே-ரிம், நல்ல வேலைம்மா அது. ஒரு கீகூடப் பொய் இல்ல."

பாராட்டுத்தான். அவள் வாங்கிய பாராட்டிலேயே பெரியது. யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? நோயை அவள் பார்க்காமல் போனாலும் அந்த நடையில் நோய் சரியாகத்தான் இருந்தது.

"வெச்சுக்குங்க சார்," என்றாள். "ஆனா அந்தக் காட்சியை நான் பண்ணல."

"நான் பண்றேன்," என்றான் தாக் உடனே. "அக்கா அந்தக் கோப்பைத் திறக்கவே வேணாம்."

அன்று இரவு வெளியே போய்த் திரும்பியதும், வீட்டு வாசலில் ஹோபாக் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. வால் ஆடியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டாள். இந்த முறை ஒரு கையை இடுப்புக்கு அடியில் கொடுத்து. மூச்சிரைக்க மேலே வந்து, தரையில் இறக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கைப்பேசியை எடுத்து அலுவலகக் குழுவைத் திறந்தாள். வேலைநிறுத்த வீடியோவை அழுத்திப் பிடித்தாள். போட்டதை அழிக்க அனுமதிக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. அங்கேயேதான் இருக்கும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடியோவுக்குக் கீழே ஒரு சிரிப்புப் படம் மறைந்தது. தாக்.

சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ, ஒவ்வொருவராகத் தங்கள் சிரிப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். டைரக்டர் மா கடைசி.

வீடியோவுக்கு மேலே அவள் எழுதிய தலைப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"சம்பள உயர்வு கேட்டு நடிகர் வேலைநிறுத்தம்!"

ஹோபாக் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.